ஒரே பாடநூல், இரண்டு சந்தை: ஒரு விலையா, இரண்டு விலையா?

தாய்லாந்திலிருந்து 1997இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குக் கணிதம் படிக்கப் போன மாணவர் சுபாப் கிர்ட்சேங். அங்கே பாடப் புத்தகங்களின் விலை அதிகம். அதே புத்தகத்தின் ஆசியப் பதிப்பு தாய்லாந்துக் கடைகளில் மிக மலிவாகக் கிடைத்தது. ஊரிலிருந்த குடும்பத்தாரும் நண்பர்களும் அவற்றை வாங்கி அனுப்ப, அவர் ஈபேயில் விற்றார். 2008இல் பதிப்பகமான ஜான் வைலி வழக்குப் போட்டது. எட்டுப் புத்தகங்களுக்கு, தலைக்கு 75,000 டாலர் வீதம், 6 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று ஜூரி சொன்னது. 2013 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6–3 என்ற கணக்கில் அதைத் தலைகீழாக்கியது: வெளிநாட்டில் சட்டப்படி அச்சாகி விற்ற பிரதியை வாங்கியவர் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து மறுவிற்பனை செய்யலாம்.

இது பதிப்புரிமை வழக்குதான். ஆனால் வைலி காப்பாற்றப் பார்த்தது பொருளியல் பாடத்தில் 'மூன்றாம் நிலை விலை பேதம்' என்று வருகிற ஏற்பாட்டை. முதல் நிலையில் ஆளுக்கொரு விலை. இரண்டாம் நிலையில் வாங்கும் அளவைப் பொறுத்து விலை. மூன்றாம் நிலையில், வாங்குவோரைக் கண்ணுக்குத் தெரிகிற ஓர் அடையாளத்தால் (நாடு, வயது, மாணவர் அட்டை) பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு விலை. நம்மூர்ப் பொறியியல் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. மெல்லிய தாள், சாதாரண அட்டை, பின்னட்டையில் 'இந்தியா, நேபாளம், இலங்கையில் மட்டும் விற்பனைக்கு' என்பது போன்ற ஒரு வரி. அந்த வரிதான் இரண்டு சந்தைகளுக்கும் நடுவே பதிப்பாளர் எழுப்பிய சுவர்.

இப்போது ஒரு பதிப்பாளரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்போம். அவர் முன் இருக்கும் வழிகள் இவை: உலகம் முழுக்க ஒரே விலை வைக்கலாம், ஆசியாவை விட்டுவிட்டு அமெரிக்காவில் மட்டும் விற்கலாம், இரண்டு விலை வைத்து, புத்தகம் திரும்பி வருவதைப் பொறுத்துக்கொள்ளலாம், அல்லது இரண்டு விலைக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கலாம். எது லாபம் என்பதைக் கணக்குப் போட்டால்தான் தெரியும். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை. எந்தப் பதிப்பகத்தின் கணக்குப் புத்தகத்திலிருந்தும் எடுத்தவை அல்ல.

இரண்டு சந்தைகள்

விலை டாலரில், அளவு பிரதிகளில்:

```
அமெரிக்கா:  அளவு = 20000 − 100 × விலை
ஆசியா:      அளவு = 30000 − 500 × விலை
ஒரு பிரதியின் இறுதிநிலைச் செலவு = 10
```

அமெரிக்காவில் விலை 200 டாலரைத் தொட்டால்தான் எல்லோரும் விலகிப் போவார்கள். ஆசியாவில் 60 டாலரிலேயே கடை காலி. அமெரிக்காவில் விலை ஒரு டாலர் ஏறினால் 100 பேர் விலகுகிறார்கள், ஆசியாவில் 500 பேர்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் வருமானம் மட்டும் இல்லை. அமெரிக்கக் கல்லூரியில் எந்தப் புத்தகம் என்று தீர்மானிப்பவர் பேராசிரியர், பணம் கொடுப்பவர் மாணவர். தீர்மானிப்பவருக்கு விலை உறைப்பதில்லை. கொடுப்பவருக்குத் தேர்வு இல்லை. இங்கேயோ பேராசிரியர் சொன்ன புத்தகத்துக்குப் பக்கத்திலேயே உள்ளூர் ஆசிரியர் எழுதிய மலிவுப் புத்தகம், சீனியரின் பழைய பிரதி, நூலகம், எல்லாவற்றுக்கும் மேலாக ஜெராக்ஸ் கடை என்று மாற்று வழிகள் வரிசைகட்டி நிற்கின்றன. மாற்று வழி எத்தனை இருக்கிறதோ அத்தனைக்கு நெகிழ்ச்சி, அதாவது விலை ஒரு சதவீதம் ஏறினால் வாங்கும் அளவு எத்தனை சதவீதம் குறைகிறது என்பது, கூடும்.

செலவில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்து டாலர் என்பது இன்னொரு பிரதி அச்சடித்துக் கடைக்குக் கொண்டுபோகும் செலவு மட்டுமே. புத்தகத்தை எழுதவைத்து, திருத்தி, படம் வரைந்து முடிக்கும் செலவு தனி. அது எந்த விலை வைத்தாலும் மாறாது என்பதால் விலைக் கணக்கில் அதற்கு இடமில்லை. ஆனால் புத்தகத்தைப் போடுவதா வேண்டாமா என்ற கேள்வியில் அது வரும்.

முதல் வழி: எல்லோருக்கும் ஒரே விலை

கேட்க நியாயமாக இருக்கிறது. இரண்டு சந்தையையும் கூட்டினால், விலை 60க்குக் கீழே இருக்கும்வரை மொத்த அளவு 50,000 − 600 × விலை. லாபம் உச்சத்தைத் தொடும் விலை, தேவை பூஜ்யமாகும் விலைக்கும் இறுதிநிலைச் செலவுக்கும் நட்ட நடுவில் இருக்கும். நேர்கோட்டுத் தேவைக்கு இது எப்போதும் பொருந்தும் குறுக்குவழி. 50,000ஐ 600ஆல் வகுத்தால் 83.33. அதற்கும் 10க்கும் நடு 46.67. அந்த விலையில் 22,000 பிரதிகள், லாபம் சுமார் 8,06,667 டாலர்.

சரி, அதே பதிப்பாளர் ஆசியாவை மறந்துவிட்டு அமெரிக்காவுக்கு மட்டும் விலை வைத்தால்? 200க்கும் 10க்கும் நடு 105. பிரதிகள் 9,500. ஒன்றுக்கு 95 டாலர் வீதம் லாபம் 9,02,500. ஒரே விலையில் இரண்டு சந்தையிலும் விற்பதைவிட இது கிட்டத்தட்ட 96,000 டாலர் அதிகம்.

பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகிற இடம் இதுதான். 'ஏன் எல்லா நாட்டுக்கும் ஒரே விலை வைக்கக் கூடாது' என்று கேட்பவர் மனதில் இருப்பது இரண்டு விலைக்கும் நடுவான ஒரு விலை, இங்கே 46.67. ஆனால் ஒரே விலைதான் வைக்கலாம் என்று கட்டாயப்படுத்தினால் இந்தப் பதிப்பாளர் வைக்கப்போகும் விலை 105. அதில் அமெரிக்க மாணவருக்கு ஒரு பைசா குறையாது, ஆசியாவில் ஒரு பிரதிகூட விற்காது. ஆகவே ஒப்பிட வேண்டியது 46.67ஐ அல்ல, இந்த 105ஐத்தான். வகுப்புக் கணக்குகளில் கூட்டுத் தேவைக் கோட்டைப் போட்டு, 46.67 என்று விடை எழுதி, ஏழைச் சந்தையை விட்டுவிட்டால் லாபம் எவ்வளவு என்று பார்க்காமலேயே முடித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. கூட்டுக் கோட்டில் 60 டாலரில் ஒரு முறிவு இருக்கிறது. அந்த முறிவுக்கு மேலேயும் ஒரு லாப உச்சம் இருக்கலாம் என்பதால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

இரண்டு விலை

அமெரிக்க விலை நமக்குத் தெரியும், 105. ஆசியாவில் 60க்கும் 10க்கும் நடு 35. பிரதிகள் 12,500. ஒன்றுக்கு 25 டாலர், லாபம் 3,12,500. இரண்டும் சேர்ந்து 12,15,000 டாலர்.

இறுதிநிலை வருவாய் வழியாகப் போனாலும் இதே விடைதான். ஒவ்வொரு சந்தையிலும் கடைசிப் பிரதி கொண்டுவரும் கூடுதல் வருவாய் 10 டாலராக இருக்க வேண்டும். ஒரு சந்தையில் அது 12ஆகவும் மற்றதில் 8ஆகவும் இருந்தால், எட்டு தருகிற இடத்திலிருந்து ஒரு பிரதியை எடுத்துப் பன்னிரண்டு தருகிற இடத்தில் வைப்பது லாபம். இரண்டும் சமமாகும்வரை அப்படி நகர்த்திக்கொண்டே போகலாம். சமப்படுவது இறுதிநிலை வருவாய்தான். விலைகள் எட்ட எட்டத்தான் நிற்கும்.

நெகிழ்ச்சி எங்கே வருகிறது? 105 டாலரில் அமெரிக்கத் தேவையின் நெகிழ்ச்சி 100 × 105 ÷ 9,500, அதாவது 1.105. ஆசியாவில் 35 டாலரில் 500 × 35 ÷ 12,500 = 1.4. விலையில் லாபத்தின் பங்கு, நெகிழ்ச்சியின் தலைகீழ் எண்ணுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பது விதி. அமெரிக்காவில் 95 ÷ 105 = 0.905, 1 ÷ 1.105உம் அதுவே. ஆசியாவில் 25 ÷ 35 = 0.714, 1 ÷ 1.4உம் அதுவே. நெகிழ்ச்சி குறைந்த இடத்தில் விலை கூடுதல்.

விதி அழகாக இருப்பதால் அதை நேரே விலை போடப் பயன்படுத்தத் தோன்றும். அங்கேதான் காலை வாரிவிடும். பதிப்பாளர் இப்போது இரண்டு இடத்திலும் 46.67க்கு விற்கிறார், அந்த விலையில் நெகிழ்ச்சியை அளக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 0.30 வரும், ஆசியாவில் 3.5 வரும். 3.5ஐ விதியில் போட்டால் ஆசிய விலை 14 டாலர் என்று விடை வரும். பதினான்கு டாலரில் 23,000 பிரதிகள் விற்கும், லாபமோ 92,000. உண்மையில் கிடைக்கக்கூடிய 3,12,500இல் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அமெரிக்காவின் 0.30ஐப் போட்டால் விடையே வராது. செலவு மைனஸில் இருந்தால்தான் அந்த விதி நிற்கும். நேர்கோட்டில் விலை மாற மாற நெகிழ்ச்சியும் மாறிக்கொண்டே இருப்பதுதான் காரணம். இந்த விதி சரியான விலையில் நின்று சரிபார்க்கத்தான் உதவும். அளந்த நெகிழ்ச்சி ஒன்றுக்குக் கீழே இருந்தால் அது ஒரு செய்தியை மட்டும் உறுதியாகச் சொல்கிறது: விலை இன்னும் ஏற வேண்டும். எவ்வளவு என்று சொல்லாது. கொஞ்சம் ஏற்றி மறுபடி அளக்க வேண்டியதுதான்.

இப்போது அமெரிக்காவில் மட்டும் விற்பதையும் இரண்டு விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்க மாணவர் இரண்டிலும் 105தான் கொடுக்கிறார். அவருக்கு நஷ்டமும் இல்லை, லாபமும் இல்லை. பதிப்பாளருக்கு 3,12,500 கூடுதல். ஆசியாவில் 12,500 பேர் கையில் புத்தகம். அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருந்தார்களோ அதற்கும் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டினால் 1,56,250 டாலர். யாருக்கும் இழப்பில்லாத ஏற்பாடு. புத்தகத்தை உருவாக்கும் செலவு 10 லட்சம் டாலர் என்று வைத்தால் படம் இன்னும் தெளிவாகும். அமெரிக்காவில் மட்டும் விற்றால் 9,02,500தான் வரும், புத்தகமே வெளிவராது. இரண்டு விலை இருந்தால் வரும். 'நாங்கள் 105 கொடுக்கிறோம், அவர்களுக்கு 35ஆ' என்ற அமெரிக்க மாணவரின் கோபம் புரிகிறது. ஆனால் இந்த எண்களில் அந்த 35 அவருடைய பையிலிருந்து போகவில்லை.

ஆசியா கொஞ்சம் வசதியானால்

இதை எல்லா இடத்துக்கும் பொருத்தினால் தப்பாகும். ஆசியத் தேவை 30,000 − 300 × விலை என்று மாறட்டும். அதாவது 60 டாலரோடு ஓடிப்போகாமல் 100 டாலர்வரை வாங்க ஆள் இருக்கிறது.

இப்போது கூட்டுத் தேவை 50,000 − 400 × விலை. ஒரே விலை 67.50 வரும், பிரதிகள் 23,000, லாபம் 13,22,500. அமெரிக்காவை மட்டும் வைத்துக்கொண்டால் அதே 9,02,500தான். ஆக இந்த முறை பதிப்பாளர் ஒரே விலையிலும் ஆசியாவை விடமாட்டார். இரண்டு விலை வைத்தால் அமெரிக்காவில் 105, ஆசியாவில் 55, லாபம் 15,10,000. மொத்தப் பிரதிகள் 9,500 + 13,500, மறுபடியும் அதே 23,000. இது தற்செயல் இல்லை. தேவை நேர்கோடாக இருந்து, ஒரே விலையிலும் இரண்டு சந்தையும் வாங்கினால் மொத்த அளவு மாறவே மாறாது.

புத்தகம் ஒன்றுகூடக் கூடவில்லை, பங்கீடுதான் மாறியிருக்கிறது. ஒரே விலையில் அமெரிக்காவுக்கு 13,250 பிரதிகள் போயின; இப்போது 9,500. எழுபது, எண்பது, நூறு டாலர்கூடக் கொடுக்கத் தயாராக இருந்த 3,750 அமெரிக்க மாணவர்கள் கையிலிருந்த புத்தகம், 67.50க்குமேல் கொடுக்க முடியாத ஆசிய மாணவர்களிடம் போகிறது. பதிப்பாளருக்கு 1,87,500 கூடுகிறது. ஆசிய வாசகர்களுக்குச் சுமார் 1,45,000 கூடுகிறது. அமெரிக்க வாசகர்களுக்குச் சுமார் 4,26,500 குறைகிறது. மொத்தத்தில் 93,750 டாலர் காணாமல் போகிறது. இங்கே அமெரிக்க மாணவரின் கோபத்துக்குக் கணக்கிலேயே இடம் இருக்கிறது.

அமெரிக்க மாணவரின் ஒரு டாலரும் கோயம்புத்தூர் மாணவரின் ஒரு டாலரும் சமம் என்று வைத்துத்தான் அந்த 93,750 வருகிறது. அதை ஏற்காதவர்கள் உண்டு, நானும் முழுமனதாக ஏற்கவில்லை. ஆனால் அந்த வாதத்தைக் கணக்குக்கு வெளியே வைத்துத்தான் நடத்த வேண்டும். கணக்கு சொல்வது: இரண்டு விலை வைப்பதால் மொத்த விற்பனை கூடவில்லை என்றால், மொத்த நலன் கூட வழியில்லை.

ஆக விலை பேதம் நல்லதா கெட்டதா என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஒரே விலை வந்தால் ஏழைச் சந்தை மிஞ்சுமா, மிஞ்சாதா?

சுவரில் ஓட்டை

பழைய எண்களுக்கே திரும்புவோம்: 105, 35, இடைவெளி 70 டாலர். கிர்ட்சேங் போன்றவர்கள் வேலை செய்தது இந்த எழுபதுக்குள்தான். ஆசியாவில் வாங்கிய புத்தகத்தைப் பார்சல் போட்டு, அமெரிக்காவில் விற்க, தன் உழைப்பையும் சேர்த்து 40 டாலர் ஆகிறது என்று வைப்போம். 75க்கு அடக்கமாகும் புத்தகத்தை 90க்கு விற்றாலும் லாபம்.

2013க்குப் பிறகு அமெரிக்காவில் சட்டம் இந்த ஓட்டையை அடைக்காது. இந்தியாவில் நிலைமை வேறு மாதிரிப் போனது. குறைந்த விலைப் பதிப்புகளை இணையம் வழியாக வெளிநாடுகளுக்கு விற்றவர்களுக்கு எதிராக இதே வைலி தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2010இல் தடை விதித்தது. வாங்கும் முனையில் திறந்த கதவு, அனுப்பும் முனையில் பூட்டு. ஆனால் ஆசியா முழுக்க அந்தப் பூட்டு இல்லை.

முழுக்கத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? வியாபாரிகள் போட்டி போட்டு அமெரிக்காவில் விலையை 75க்கு இறக்குவார்கள். 12,500 பேர் வாங்குவார்கள், ஆனால் அத்தனையும் ஆசியப் பிரதிகள். பதிப்பாளருக்குப் பிரதிக்கு 25 டாலர்தான். மொத்த லாபம் 12,15,000இலிருந்து 6,25,000க்கு விழும். ஆசியாவையே விட்டுவிட்டிருந்தால்கூட 9,02,500 கிடைத்திருக்கும்.

விழாமல் இருக்க ஒரு வழி, இடைவெளியை 40க்குச் சுருக்குவது. அப்போது கொண்டுவருபவருக்கு ஒன்றும் மிஞ்சாது. எந்தப் பக்கத்தை நகர்த்துவது? 105ஐ 75க்கு இறக்குவதா, 35ஐ 65க்கு ஏற்றுவதா? சுருக்க வேண்டியது 30 டாலர். அமெரிக்க விலை சரியான புள்ளியிலிருந்து விலகினால் லாப இழப்பு, விலகலின் வர்க்கத்தைப் போல் 100 மடங்கு. ஆசிய விலை விலகினால் 500 மடங்கு. அதனால் ஆறில் ஐந்து பங்கை அமெரிக்க விலை சுமக்க வேண்டும்: 25 டாலர் இறங்கி 80. ஆசிய விலை 5 டாலர் ஏறி 40. பிரதிகள் 12,000உம் 10,000உம். லாபம் 8,40,000 + 3,00,000 = 11,40,000. சுவர் முழுசாக இருந்ததைவிட 75,000தான் குறைவு.

இதில் பதிப்பாளர்களின் உள்ளுணர்வு எதிர்ப்பக்கம் இழுக்கும். அமெரிக்காவின் 105தான் கறவை மாடு, அதைத் தொடாதே, ஆசிய விலையை ஏற்று என்று தோன்றும். முழு முப்பதையும் ஆசியாவில் ஏற்றினால் விலை 65 ஆகிவிடும். 60க்கு மேல் அங்கே ஆளே இல்லை. ஒரு டாலருக்கு அதிகம் பேர் விலகுகிற சந்தையில் விலையை அசைப்பது விலை உயர்ந்த காரியம்.

இன்னொரு வழி, 105, 35 என்றே விட்டுவிட்டு ஓட்டையைப் பொறுத்துக்கொள்வது. 105 கொடுத்து வாங்கியிருக்கக்கூடிய ஒருவர் ஆசியப் பிரதிக்கு மாறினால் பதிப்பாளருக்கு 95 போய் 25 வருகிறது, இழப்பு 70. அமெரிக்க விற்பனையில் பத்து சதவீதம், 950 பிரதிகள், இப்படிப் போனால் இழப்பு 66,500. இது இடைவெளியைச் சுருக்கும் 75,000ஐவிடக் குறைவு! வேலைநேரம் போக ஈபேயில் விற்கும் மாணவர்கள் சிலர் மட்டும் இருந்தால் கண்டுகொள்ளாமல் விடுவதே லாபம். இரண்டும் சமமாகும் புள்ளி ஏறக்குறைய 1,070 பிரதிகள், அமெரிக்க விற்பனையில் 11 சதவீதம். உண்மையில் இன்னும் கொஞ்சம் தாராளமாகவே இருக்கலாம். மலிவுப் பிரதியை வாங்குபவர்களில் ஒரு பகுதியினர் 105க்கு எப்படியும் வாங்கியிருக்க மாட்டார்கள். அவர்களால் பதிப்பாளருக்கு இழப்பே இல்லை, 25 டாலர் வரவுதான்.

ஆசியாவை விட்டு வெளியேறும் வழி எப்போது வெல்லும்? கொண்டுவரும் செலவு மிகக் குறைந்தால். அது 10 டாலர் என்றால் விலைகள் 55, 45 என்று ஒட்டிவிடும், லாபம் 9,15,000. அப்போதும் வெளியேறுவதைவிடக் கொஞ்சம் மேல். ஏறக்குறைய 8.75 டாலருக்குக் கீழே போனால்தான் வெளியேறுவது நல்லது. தடித்த பாடநூலைக் கண்டம் தாண்டி அனுப்ப அந்தக் காசு போதாது. ஆகவே '2013 தீர்ப்பால் ஏழை நாடுகளுக்கு மலிவுப் பதிப்பே நின்றுவிடும்' என்று அப்போது எழுந்த பயம் இந்த எண்களில் நிற்கவில்லை. நின்றிருக்கக்கூடியது இன்னொன்று: ஆசிய விலை மெல்ல ஏறுவது.

கசிவை எப்படி அறிவது, சுவரை எப்படி உயர்த்துவது

பதினொரு சதவீதம் தாண்டியதா என்று பதிப்பாளர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ஆசியாவில் ஒரு விநியோகஸ்தர் கேட்கும் அளவு, அவர் ஊர்க் கல்லூரிகளின் மாணவர் எண்ணிக்கையோடு ஒட்டவில்லை என்பது முதல் அடையாளம். அமெரிக்க விற்பனை குறைய, அதே பருவத்தில் ஆசிய விற்பனை எகிறினால் இரண்டாவது. மூன்றாவது, இணையக் கடைகளில் 'சர்வதேசப் பதிப்பு' என்ற பெயரோடு வரும் பிரதிகளின் விலை. அது 90க்குமேல் நின்றால் சில்லறை வியாபாரம். 75ஐ நோக்கி இறங்கினால் மொத்த வியாபாரிகள் உள்ளே வந்துவிட்டார்கள், உடனே இடைவெளியைச் சுருக்கியாக வேண்டும்.

சுவரை உயர்த்தும் பழைய உத்தி, ஆசியப் பதிப்பைக் கொஞ்சம் கெடுப்பது: மட்டமான தாள், கறுப்பு வெள்ளைப் படம், அத்தியாய முடிவில் வரும் பயிற்சிக் கணக்குகளின் எண்களை மாற்றிப்போடுவது. கடைசி உத்திதான் கெட்டிக்காரத்தனம். வீட்டுப்பாடம் '4.17ஆம் கணக்கு' என்று வரும்போது ஆசியப் பிரதி வைத்திருப்பவர் கையில் வேறு கணக்கு இருக்கும். மாணவருக்கு எரிச்சல், பதிப்பாளருக்கோ கொண்டுவரும் செலவு 40இலிருந்து 50 ஆனது போல. அந்தப் பத்து டாலரின் மதிப்பு எவ்வளவு தெரியுமா? இடைவெளி 50 அனுமதிக்கப்பட்டால் இழப்பு 75,000இலிருந்து சுமார் 33,300க்கு இறங்குகிறது. எண்களை மாற்றி அச்சுக்கோக்க சுமார் 41,700 டாலருக்குக் குறைவாக ஆனால் செய்யலாம், கூட ஆனால் வேண்டாம்.

புதிய உத்தி, புத்தகத்தை விற்காமல் அனுமதியை விற்பது. வீட்டுப்பாடம் இணையத்தில், அதற்குள் நுழைய ஒருமுறை மட்டும் செல்லும் குறியீடு. செங்கேஜ் பதிப்பகம் 2018இல் ஒரு கல்விப் பருவத்துக்கு 119.99 டாலர் சந்தாவில் தன் பட்டியலைத் திறந்துவிட்டது. பியர்சன் பதிப்பகம் 2019இல் அமெரிக்காவில் 'முதலில் டிஜிட்டல்' என்று அறிவித்தது. மறுவிற்பனை உரிமை கையில் இருக்கும் பிரதிக்குத்தான், உரிமத்துக்குப் பொருந்தாது. அப்போது கொண்டுவரும் செலவு நடைமுறையில் எல்லையில்லாததாகி, பதிப்பாளர் 105, 35, 12,15,000 என்ற முழுக் கணக்குக்கே திரும்பிவிடுகிறார். அதோடு அமெரிக்காவில் பழைய புத்தகச் சந்தையும் சாகிறது. அது செத்தால் அமெரிக்கத் தேவைக் கோடே இன்னும் வலப்பக்கம் நகரும், 105உம் நிற்காது.

இந்தப் பதிப்பாளருக்கு நான் சொல்வது: அச்சுப் புத்தகமாக இருக்கும்வரை 105, 35 என்று தொடங்கி, கசிவை எண்ணிக்கொண்டிருந்து, 1,070ஐத் தாண்டியதும் 80, 40க்கு மாறுவது. ஆசியாவில் 60 டாலருக்குமேல் வாங்கும் கூட்டம் வளர்ந்துவிட்டால் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். தேவை 30,000 − 300 × விலை என்று ஆனதும் இடைவெளியே 50தான். 40 டாலர் கொண்டுவரும் செலவுக்கு அதைப் பத்தே டாலர் சுருக்கினால் போதும், அதனால் வரும் இழப்பு 7,500.